பிளக் சுடுகிறது, எம்.சி.பி. விழுகிறது, பாடியில் ஷாக் அடிக்கிறது: அடுக்குமாடி பார்க்கிங்கில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜிங் கோளாறுகள்

சென்னையிலும் கோவையிலும் உள்ள பெரும்பாலான அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் பார்க்கிங்கில் ஏற்கெனவே ஒரு சாக்கெட் இருக்கும். வாட்ச்மேன் ஃபேன் போடுவதற்கோ, வண்டி கழுவும் பிரஷர் பம்புக்கோ வைத்தது. மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர் முதல் நாள் அதில்தான் சார்ஜரைச் செருகுகிறார். சார்ஜ் ஏறுகிறது, ஒரு குறையும் தெரிவதில்லை. மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாக அறிகுறிகள் வருகின்றன. எந்த அறிகுறிக்கு என்ன காரணம், எதை நீங்களே பார்க்கலாம், எதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று இங்கே வரிசையாகச் சொல்கிறோம்.

அதற்கு முன் ஒரு கணக்கு. வண்டியோடு வரும் சாதாரண சார்ஜர் ஏறக்குறைய 750 வாட். 230 வோல்ட்டில் அது 3.3 ஆம்பியர் இழுக்கும். சார்ஜருக்குள்ளேயே வீணாகும் மின்சாரம், மாலையில் குறையும் வோல்டேஜ் எல்லாம் சேர்த்து 3.5 முதல் 4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் சார்ஜரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இன்புட் என்ற வரியில் சரியான எண் இருக்கும், அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 4 ஆம்பியர் என்பது பெரிய லோடு இல்லை, இஸ்திரிப் பெட்டி இழுப்பதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டி விட்டு விட்டுத்தான் இழுக்கும், அரை மணியில் அணைத்தும் விடுவோம். 3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி காலியிலிருந்து நிரம்ப நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க இடைவெளியே இல்லாமல் அதே கரண்ட் ஓடுகிறது. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்த நீண்ட ஓட்டத்தால் வருபவை.

பிளக் சுடுகிறது, சாக்கெட் ஓட்டை பழுப்பாகிவிட்டது

அடிக்கடி வருவதும், அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் புறங்கையால் பிளக்கின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. மூன்று விநாடி கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் கோளாறு முற்றிவிட்டது, உடனே நிறுத்துங்கள். நிறுத்தும்போது முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகு பிளக்கை உருவுங்கள். லோடு ஓடும்போதே உருவினால் பின்னில் பொறி விழுந்து, ஏற்கெனவே கெட்ட இடம் இன்னும் கெடும்.

பிளக்கைத் திருப்பி மூன்று பின்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல பின் பித்தளை நிறத்தில் பளபளக்கும். சுட்ட பின் ஊதா கலந்த பழுப்பாகவோ கருப்பாகவோ இருக்கும், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் லேசாக உருகி உள்வாங்கியிருக்கும். பல நேரம் இரண்டு சிறிய பின்களில் ஒன்று மட்டும்தான் கருத்திருக்கும். அதுவே பெரிய துப்பு. லோடு அதிகமாகிச் சுட்டிருந்தால் இரண்டு பின்களிலும் ஒரே கரண்ட்தான் ஓடுகிறது, இரண்டும் ஒரே மாதிரி சுட்டிருக்க வேண்டும். ஒன்று மட்டும் கருகியிருந்தால் அந்த ஒரு இடத்தில் பிடிப்பு போய்விட்டது, லூஸ் காண்டாக்ட் என்று அர்த்தம்.

லூஸ் காண்டாக்ட் ஏன் இவ்வளவு சூடாகிறது? சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி பின்னை இறுக்கிப் பிடிக்கும்வரை அந்த இடத்தின் மின்தடை 0.02 ஓம் அளவில்தான் இருக்கும். வெப்பம் என்பது கரண்ட்டின் இருமடிப் பெருக்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவது. 4 ஆம்பியருக்கு 16 மடங்கு 0.02, அதாவது 0.3 வாட். கைக்குத் தெரியவே தெரியாது. கவ்வி தளர்ந்து, பின்மேல் கரி படிந்து, தடை 2 ஓம் ஆகிவிட்டால் அதே 4 ஆம்பியர் 32 வாட் வெப்பத்தை அந்தப் பின்னின் முனையில் கொட்டும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அப்படி ஒன்றை உங்கள் பிளக்குக்குள் நான்கு மணி நேரம் செருகி வைத்ததற்குச் சமம் இது.

அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் துண்டிக்கும் எம்.சி.பி. இதில் எதுவுமே செய்யாது. அது ஒயரில் ஓடும் கரண்ட்டை மட்டும்தான் பார்க்கும். கரண்ட் அதே 4 ஆம்பியர், எந்தத் தப்பும் அதன் கண்ணுக்குத் தெரியாது. பூமிக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் விழாது, ஏனென்றால் இங்கே கசிவு இல்லை. 2 ஓமில் 8 வோல்ட் குறையும், சார்ஜருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, வழக்கம்போல் சார்ஜ் ஏற்றும். ஆகவே இந்தக் கோளாறுக்குக் காவலாக இருப்பது உங்கள் கையும் மூக்கும் மட்டுமே. புது சாக்கெட் போட்ட பிறகும் மாதம் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

சரிசெய்யும் முறையில் ஒரு தப்பு எல்லாரும் செய்கிறார்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றுகிறார்கள், கருகிய பிளக்கை அப்படியே விடுகிறார்கள். அந்தக் கரி படிந்த பின் புது சாக்கெட்டின் கவ்வியையும் சில வாரத்தில் சுட்டுவிடும். பிளக்கை மட்டும் மாற்றினாலும் இதே கதைதான். ஒருமுறை சுட்ட பித்தளைக் கவ்வி ஸ்பிரிங் தன்மையை இழந்துவிடும், திரும்ப இறுக்கிப் பிடிக்காது. இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, கவ்வியை ஸ்க்ரூடிரைவரால் நெருக்கி விடுவது எல்லாம் ஒரு வாரத்து வைத்தியம்.

மாற்றும்போது எலக்ட்ரீஷியனிடம் மூன்று விஷயம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, சாக்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒயரின் முனை கருத்திருந்தால், செம்பு பளபளவென்று தெரியும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். கருத்த செம்பு எந்த ஸ்க்ரூவிலும் ஒழுங்காகப் பிடிக்காது. வெட்டியதில் ஒயர் எட்டவில்லை என்றால் சுவருக்குள் முறுக்கி டேப் சுற்றி நீட்டக் கூடாது, அந்தத் துண்டை ஜங்ஷன் பாக்ஸிலிருந்தே புதிதாக இழுக்க வேண்டும். இரண்டாவது, பல இழை ஒயரின் முனையில் ஈயம் பூசி ஸ்க்ரூவுக்கு அடியில் வைக்கக் கூடாது. பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும், சில மாதத்தில் ஸ்க்ரூ தானாகத் தளர்ந்துவிடும். இழைகளை முறுக்கி, மடித்து வைத்து இறுக்கினால் போதும், அல்லது பின் லக் போட்டு அழுத்தலாம். மூன்றாவது, சாக்கெட் பிளக்குக்குப் பொருந்த வேண்டும். சார்ஜரில் சிறிய பிளக் இருந்தால் தரமான 6 ஆம்பியர் சாக்கெட், பெரிய பிளக் இருந்தால் 16 ஆம்பியர் சாக்கெட். இரண்டு அளவும் செருகும் 6/16 சாக்கெட் வசதிதான், ஆனால் மலிவான ரகத்தில் சிறிய பின்னுக்குப் பிடிப்பு குறைவு. தினமும் நான்கு மணி நேர வேலைக்கு அது வேண்டாம் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. 16-ஐ 6-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் பிளக், மல்டி பிளக் இரண்டும் கூடவே கூடாது. ஒரு இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அவை இரண்டாக்கிவிடுகின்றன.

சார்ஜரின் பிளக் ஒயரோடு வார்த்த ரகமாக இருந்து அது கருகியிருந்தால், வெட்டிவிட்டு வேறு பிளக் போடாதீர்கள், வாரண்டி போய்விடும். சார்ஜரிலிருந்து கழற்றி மாட்டும் பவர் கார்டாக இருந்தால் சர்வீஸ் சென்டரில் அந்தக் கார்டை மட்டும் கேட்டு வாங்கலாம்.

பால்கனியிலிருந்து தொங்கவிடும் எக்ஸ்டென்ஷன் ஒயரும் இந்தத் தலைப்பில்தான் வரும். இரண்டாவது மாடியிலிருந்து பார்க்கிங்குக்கு இழுத்தால் 25 மீட்டர் ஆகிவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருப்பது 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர், அதன் உள்ளே தகட்டை மடித்துச் செய்த தளர்ந்த கவ்வி. வெயிலும் மழையும் பட்டு உறை வெடிக்கும், கம்பியில் உரசும் இடத்தில் செம்பு வெளியே தெரியும். மீதி ஒயரைச் சுருட்டி வைத்திருந்தால் சுருளின் நடுவில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு ரிப்பேர் எதுவும் கிடையாது. எடுத்துவிட்டு நிரந்தர வயரிங்தான் போட வேண்டும்.

எம்.சி.பி. விழுகிறது

எப்போது விழுகிறது என்று நேரம் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

சுவிட்ச் போட்ட நொடியே விழுந்தால் இரண்டு வாய்ப்பு. சார்ஜரை உருவிவிட்டு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் வயரிங்கில் ஷார்ட், எலக்ட்ரீஷியன் வேலை. சார்ஜர் இல்லாதபோது நின்று, செருகியதும் விழுந்தால் சார்ஜருக்குள் கோளாறு. அப்படிப்பட்ட சார்ஜரை வீட்டுக்குள் கொண்டுபோய் வேறு சாக்கெட்டில் செருகிச் சோதிக்க வேண்டாம், நேராக சர்வீஸுக்குக் கொடுங்கள்.

இன்னொரு வகை, இரவு ஒன்பது மணிக்குப் போட்டது பத்து மணிக்கு மேல் விழும். எல்லாரும் குழம்புவது இதில்தான். ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வீடு, ஆறு மின்சார ஸ்கூட்டர். பொது மீட்டரிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று, அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி., அந்த ஒரே ஒயரில் வரிசையாக ஆறு சாக்கெட். நான்கு வண்டி நிற்கும்போது 14 ஆம்பியர், பிரச்சினை இல்லை. ஆறாவது வண்டி வந்ததும் 21 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16-ஐத் தாண்டியதும் விழுந்துவிடும் என்று நினைக்கிறோம், அப்படி இல்லை. தர விதிப்படி அது தன் அளவைப் போல் 1.13 மடங்கு வரை, அதாவது 18 ஆம்பியர் வரை, ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும். 1.45 மடங்கில், அதாவது 23 ஆம்பியரில், ஒரு மணிக்குள் விழுந்தாக வேண்டும். 21 ஆம்பியர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒருநாள் ஐம்பது நிமிடத்தில் விழும், இன்னொரு நாள் விழவே விழாது. மே மாதத்தில், காற்றில்லாத இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் எம்.சி.பி. இன்னும் சீக்கிரம் விழும், ஏனென்றால் அந்த அளவெல்லாம் 30 டிகிரியில் சொல்லப்பட்டவை, உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிச் செய்த பட்டை சூட்டால் வளைந்துதான் அது விழுகிறது.

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான கட்டடங்களில் பெரிய தப்பு நடக்கிறது. எம்.சி.பி. வீக் ஆகிவிட்டது என்று சொல்லி 32 ஆம்பியர் எம்.சி.பி.யை மாட்டிவிடுகிறார்கள். அன்றிலிருந்து விழுவது நிற்கும், புகாரும் நிற்கும். ஆனால் சுவருக்குள் ஓடும் அந்த 2.5 ஒயரைக் காப்பாற்ற இனி யாரும் இல்லை. குழாய்க்குள் நெருக்கமாக ஓடும் ஒயரின் உறை ஒவ்வொரு இரவும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்து வெடிக்கும், கடைசியில் ஃப்யூஸ்போல் உருகப்போவது அந்த ஒயர்தான். உங்கள் பார்க்கிங்கில் எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்து பாருங்கள். எம்.சி.பி.யில் C32 என்று எழுதியிருந்து, அதிலிருந்து வெளியே போகும் ஒயர் 2.5 ஆக இருந்தால் இன்றைக்கே சங்கத்தில் சொல்லி மாற்றுங்கள். ஒயரின் உறைமேலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

சரியான தீர்வு லோடைப் பிரிப்பது. அந்தக் கட்டடத்தின் பொது இணைப்பு மூன்று ஃபேஸ் என்றால், ஆறு சாக்கெட்டையும் ஃபேஸுக்கு இரண்டாகப் பிரித்து, மூன்று தனி 2.5 ஒயர், மூன்று தனி 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒவ்வொன்றிலும் 7 ஆம்பியர்தான் ஓடும், பாதிகூட இல்லை. ஆறு சார்ஜர் சேர்ந்து 4.5 கிலோவாட் என்பதால், லிஃப்டும் மோட்டாரும் ஓடும்போது பொது இணைப்பின் அனுமதித்த லோடு தாங்குமா என்று பார்த்து, தாங்காவிட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டும்.

இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது. மீட்டர் போர்டு எப்படியும் தரைத்தளத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டு மீட்டருக்கு அடுத்துள்ள மெயினிலிருந்து உங்கள் பார்க்கிங் இடத்துக்குத் தனி ஒயர் இழுத்துக்கொள்ளலாம். சொந்த வண்டியைச் சொந்த வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்யலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. பில் தகராறு வராது, அடுத்தவர் லோடு உங்கள் ஒயரில் ஏறாது. 20 மீட்டர் தூரத்துக்குத் தேவைப்படுவது: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மூன்று நிறத்தில், கனமான பி.வி.சி. குழாய், மீட்டர் பக்கத்தில் 10 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. ஒன்று, பார்க்கிங்கில் மூடியுள்ள சாக்கெட் பெட்டி. ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது. வாங்கும்போது டைப் ஏ கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் டைப் ஏசி வகை, சார்ஜர்போல் உள்ளே டிசியாக மாற்றும் கருவிகளின் கசிவை முழுதாக உணராது. சாக்கெட் தரையிலிருந்து 1.2 மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், வேளச்சேரி, முடிச்சூர்போல் தண்ணீர் நிற்கும் பகுதியில் இன்னும் மேலே. மீட்டருக்கு முன்பக்கம் இருக்கும் சீல் வைத்த பகுதியை எந்த எலக்ட்ரீஷியனும் தொடக் கூடாது.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

மழைநாளில் மட்டும் விழுந்தால் சாக்கெட் பெட்டிக்குள் ஈரம். பெட்டியின் அடிப்பக்கத்தில் எறும்புப் புற்றும் பல்லி எச்சமும் சேர்ந்திருந்தால் ஈரத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மெயினை அணைத்துச் சுத்தம் செய்து, ஒயர் நுழையும் ஓட்டையை அடைத்தால் நிற்கும்.

வெயில் நாளிலும் விழுகிறது, ஒரு வண்டிக்கு விழுவதில்லை, நான்கைந்து வண்டி சேர்ந்தால் விழுகிறது என்றால் எல்லாருக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. வைத்ததுதான் காரணம். ஒவ்வொரு சார்ஜரும் சரியாக இருக்கும்போதே கொஞ்சம் பூமிக்குக் கசியும். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியது 15-க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஆளுக்கொரு ஆர்.சி.பி.ஓ. வைப்பதே வழி. விழுகிறதே என்று 100 மில்லி ஆம்பியருக்கு மாற்றுவதும், ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி நேரடியாக இணைப்பதும் மனித உயிரோடு விளையாடுவது.

வண்டியையோ சார்ஜரையோ தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது, அல்லது சார்ஜரில் எர்த் இல்லை என்று விளக்கு எரிகிறது

இரண்டும் ஒரே கோளாறின் இரண்டு முகம். சார்ஜரின் வாசலில் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அதில் ஃபேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கும். எர்த் ஒயர் நல்லபடி பூமியோடு சேர்ந்திருந்தால் அவை கசியவிடும் துளி கரண்ட் சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் எங்காவது அறுந்திருந்தால் அந்த இரண்டு கெபாசிட்டரும் 230 வோல்ட்டைப் பாதியாகப் பிரித்து, எர்த்தோடு சேர்ந்த உலோகப் பாகம் முழுதையும் 115 வோல்ட் பக்கம் நிறுத்திவிடும். வெறும் காலோடு ஈரத் தரையில் நின்று தொட்டால் சுருக்கென்று இருக்கும். ஓடும் கரண்ட் மிகக் குறைவு, அதனால் ஆள் பிழைத்துக்கொள்கிறார், செருப்புப் போட்டுத் தொட்டால் ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சுருக்கு ஒரு எச்சரிக்கை. நாளைக்கு உள்ளே இன்சுலேஷன் போனால் பாடியில் நிற்கப்போவது முழு 230 வோல்ட், அதை இழுத்துக்கொள்ள எர்த் இல்லை.

மல்டிமீட்டரில் இது தெளிவாகத் தெரியும். சார்ஜரைச் செருகாத சாக்கெட்டில் ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஃபேஸ்-எர்த் 110, 70, 40 என்று அலைந்தால் எர்த் பின்னுக்குப் பின்னால் எதுவுமே இணைக்கப்படவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நியான் டெஸ்டர் இதைக் காட்டாது. மீட்டரில் 230 காட்டினாலும் எர்த் பலவீனமாக இருக்கலாம், லோடு கொடுத்தால்தான் தெரியும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் பல்பை எரியவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கத்தை நீங்களாகச் செய்யாதீர்கள். எர்த் வழியில் அறுந்திருந்தால், அந்த நேரத்தில் அதே எர்த்தில் சேர்ந்துள்ள எல்லா வீட்டுக் கருவிகளின் பாடியிலும் ஃபேஸ் ஏறிவிடும். எர்த் லூப் டெஸ்டர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளப்பதே முறை.

பழைய கட்டடங்களில் எர்த் பைப் புதைத்த இடத்தின்மேல் டைல்ஸ் போட்டு மூடியிருப்பார்கள், அல்லது பைப்பின் தலையில் உள்ள கிளாம்ப் துருவாகி உதிர்ந்திருக்கும். பார்க்கிங் சாக்கெட்டுக்கு எர்த் ஒயரே இழுக்காமல் விட்டிருப்பதும் சகஜம். சிலர் சாக்கெட்டுக்குள் எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். சார்ஜரின் விளக்கு அணைந்துவிடும், கோளாறு தீர்ந்ததுபோல் இருக்கும். நியூட்ரல் எங்காவது அறுந்த நாளில் வண்டியின் பாடியில் நேராக 230 வோல்ட் வந்து நிற்கும். உங்கள் சாக்கெட்டில் அந்தத் துண்டு ஒயரைக் கண்டால் அதைப் போட்டவரிடம் மறுபடி வேலை கொடுக்காதீர்கள்.

சார்ஜ் ஏறி ஏறி நிற்கிறது

வண்டி ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போட்டால் பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். சார்ஜை நிறுத்தி வைக்கும். அது கோளாறு அல்ல. முக்கால் மணி ஆறவிட்டுப் போடுங்கள். மாலையில் மட்டும் நின்றால் வோல்டேஜைச் சார்ஜர் ஓடும்போதே அளந்து பாருங்கள், லோடு இல்லாதபோது 225, ஓடும்போது 205 என்றால் வழியில் எங்கோ லூஸ் காண்டாக்ட் 20 வோல்ட்டைத் தின்கிறது. 4 ஆம்பியரில் 20 வோல்ட் என்றால் 80 வாட், எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வெந்துகொண்டிருக்கிறது. அந்த வழியில் உள்ள ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கும்வரை சார்ஜ் போட வேண்டாம்.

பேட்டரியே சுடுகிறது, உப்பியிருக்கிறது, வாசனை வருகிறது

முதலில் சார்ஜரைச் சந்தேகியுங்கள். 48 வோல்ட் என்று எழுதிய இரண்டு பேட்டரி ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்.எம்.சி. வகையில் 13 செல் வரிசை, நிரம்பினால் 54.6 வோல்ட். எல்.எஃப்.பி. வகையில் 16 செல் வரிசை, நிரம்பினால் 58.4 வோல்ட். இரண்டுக்கும் 48 வோல்ட் சார்ஜர் என்றே கடையில் கொடுப்பார்கள், பின்னும் ஒன்றாகவே இருக்கலாம். எல்.எஃப்.பி. சார்ஜரை என்.எம்.சி. பேட்டரியில் போட்டால் ஒவ்வொரு செல்லுக்கும் 4.2-க்குப் பதில் 4.49 வோல்ட் போகும். அப்போது தீக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பது பி.எம்.எஸ். என்ற ஒரே ஒரு சர்க்யூட் போர்டு. பக்கத்து வீட்டு சார்ஜரைக் கடன் வாங்காதீர்கள், பழைய சார்ஜர் கெட்டால் லேபிளில் உள்ள அவுட்புட் வோல்டேஜ் எழுத்துக்கு எழுத்து பொருந்தும் ஒன்றையே வாங்குங்கள். பேட்டரி பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதியின் கடுமையான திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தன. அதற்கு முந்தைய வண்டியிலும், வெளியில் கட்டிய பேட்டரியிலும் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

உப்பல், நகப்பூச்சு அழிக்கும் திரவம்போல் இனித்த வாசனை, சார்ஜ் முடிந்து மணிக்கணக்கான பிறகும் குறையாத சூடு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சார்ஜை நிறுத்தி, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி நிறுத்திவிட்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள். உஸ்ஸென்ற சத்தமோ, படபடவென்று வெடிப்போ, அடர்ந்த வெள்ளைப் புகையோ தொடங்கிவிட்டால் வண்டியைத் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, பிளக்கை உருவப் பக்கத்தில் போகக் கூடாது. அந்த வெள்ளைப் புகை தீப்பற்றும், நச்சும்கூட. மெயினைத் தூரத்திலிருந்து அணைத்துவிட்டு 101 அல்லது 112-ஐக் கூப்பிட்டு, லித்தியம் பேட்டரி ஸ்கூட்டர் என்று சொல்லுங்கள், அதற்கேற்ற தண்ணீரோடு வருவார்கள். பார்க்கிங்கில் மாட்டியிருக்கும் பவுடர் சிலிண்டர் சாக்கெட்டிலோ ஒயரிலோ பற்றிய தீக்கு நன்றாக வேலை செய்யும். பேட்டரி செல்லுக்குள் நடப்பதை அது குளிர வைக்காது, ஜுவாலை அடங்கியதுபோல் காட்டி மீண்டும் பற்றும். செல்லைக் குளிர வைப்பது ஏராளமான தண்ணீர் மட்டுமே, அதுவும் மின்சாரம் துண்டித்த பிறகு, தூரத்திலிருந்து.

இத்தகைய தீயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் பற்றியபோது வீட்டுக்குள் இருந்த தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறித்தான் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் பற்றிய தீயின் புகை மேலே இருந்த லாட்ஜுக்குள் ஏறி 8 பேரைக் கொன்றது. ஆகவே எங்கே சார்ஜ் போடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மாடிப்படிக்கு அடியில், லிஃப்ட் வாசலில், மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில், ஜெனரேட்டர் டீசல் வைத்த இடத்தில் வேண்டவே வேண்டாம். படிக்கட்டு ஒரு புகைபோக்கி மாதிரி. கீழே பற்றினால் எல்லா மாடிக்கும் இருக்கும் ஒரே வழி அடைபடும். காம்பவுண்டுச் சுவரோரம், மேலே ஜன்னல் இல்லாத இடம் சிறந்தது. கழற்றும் பேட்டரியை வீட்டுக்குள் சார்ஜ் செய்பவர்கள் வாசல் கதவுக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் வைக்காதீர்கள், பால்கனிப் பக்கம் வெறும் தரையில் வையுங்கள். எல்லாரும் தூங்கும் நேரத்தில் அல்லாமல், மாலை ஏழு மணிக்குப் போட்டுப் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள். படிக்கட்டில் ஏற்கெனவே புகை நிறைந்திருந்தால் மேல் மாடியில் இருப்பவர்கள் இறங்க முயலாமல் கதவை மூடி, அடியில் ஈரத் துணி அடைத்து, பால்கனிக்குப் போக வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் எத்தனையோ பார்க்கிங்கில் வண்டிகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. வடிந்த பிறகு துடைத்து, வெயிலில் வைத்து, ஆன் ஆகிறதே என்று சார்ஜ் போடுவதுதான் இதில் ஆபத்தான நிமிடம். பேட்டரிப் பெட்டி புதிதாக இருந்தபோது தண்ணீர் புகாதது என்றாலும், வண்டி சில ஆண்டு ஓடிய பிறகு சீல் காய்ந்திருக்கும். உள்ளே நுழைந்த சாக்கடை கலந்த தண்ணீர் காய்ந்தாலும் உப்பைச் செல் இணைப்புகளுக்கு நடுவே விட்டுச்செல்கிறது, அது நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் மெல்லக் கசிந்து கசிந்து ஷார்ட் ஆகும். பேட்டரிப் பெட்டி வரை மூழ்கிய வண்டியை ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல், கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்தி, சர்வீஸ் சென்டர் பேட்டரியைத் திறந்து இன்சுலேஷன் சோதனை செய்து எழுதிக் கொடுத்த பிறகே திரும்ப உள்ளே கொண்டுவாருங்கள். மூழ்கிய சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.பி.ஓ. எதையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. புதிது வாங்கி, முன்பு இருந்ததைவிட அரை மீட்டர் மேலே ஏற்றி மாட்டுங்கள்.